வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று: கிரேடியன்ட் மாஸ்க் சொதப்பும்போது எங்கே பார்ப்பது

கன்னியாகுமரிக் கரையிலிருந்து சூரிய உதயம் எடுத்தவர்களுக்குச் சிக்கல் தெரியும். வானத்துக்குச் சரியாக வைத்தால் முன்னால் இருக்கும் பாறைகள் கரியாகின்றன. பாறைக்குச் சரியாக வைத்தால் வானம் வெள்ளைத் தாளாகிறது. அதனால் ட்ரைபாடில் வைத்து இரண்டு படம் எடுத்து, பின்னால் மாஸ்க் போட்டுச் சேர்க்கிறோம். இந்தக் குறிப்பில் அந்த ஒரு காட்சியை வைத்தே பேசப் போகிறேன். காரணம், அங்கே அடிவானம் நேர்க்கோடு, அதைத் தாண்டி மேலே நீட்டிக்கொண்டு 133 அடி திருவள்ளுவர் சிலை. கிரேடியன்ட் மாஸ்க்குக்கு மிக எளிதான பகுதியும் மிகக் கடினமான பகுதியும் ஒரே சட்டகத்தில் இருக்கின்றன.

நாம் எடுத்துக்கொள்ளும் கணக்கு இது. ஐஎஸ்ஓ 100, எஃப்/11. வானத்துக்கு 1/125 வினாடி, கடலுக்கும் பாறைக்கும் 1/8 வினாடி. இடையில் 4 ஸ்டாப் வித்தியாசம். படம் 6000×4000 பிக்சல், ரா கோப்பு. சூரியன் சிலைக்கு இடப்பக்கம் எழுகிறது. போட்டோஷாப்பில் 1/8 படம் கீழ் லேயர், 1/125 படம் மேல் லேயர், மேல் லேயரில் ஒரு மாஸ்க். மாஸ்க்கில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் வானப் படம் தெரியும், கறுப்பாக இருக்கும் இடத்தில் அது மறைந்து கீழே உள்ள கடல் படம் தெரியும். கிம்ப் பயன்படுத்துபவர்களுக்கு மெனுப் பெயர்கள் மாறும், காரணங்கள் மாறாது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் மாஸ்க்கைப் பாருங்கள், படத்தை அல்ல. `Alt` விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சிறுபடத்தைக் கிளிக் செய்தால் மாஸ்க் மட்டும் கறுப்பு வெள்ளையாகத் திரையில் வரும். `Shift` அழுத்திக் கிளிக் செய்தால் மாஸ்க் தற்காலிகமாக அணையும். கீழே உள்ள கோளாறுகளில் பாதி, இந்த இரண்டையும் செய்தாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கிரேடியன்ட் இழுத்தேன், படத்தில் வண்ணம்தான் பூசியது. அல்லது தலைகீழாக வந்தது

படத்தின் மேலேயே கறுப்பு வெள்ளை பூசியிருந்தால் நீங்கள் மாஸ்க்கில் இல்லை, லேயரில் இருக்கிறீர்கள். `Ctrl+Z` போட்டுவிட்டு மாஸ்க்கின் சிறுபடத்தைக் கிளிக் செய்யுங்கள், அதைச் சுற்றிச் சட்டம் வரும். பிறகு `D` அழுத்தினால் முன்வண்ணம் வெள்ளை, பின்வண்ணம் கறுப்பு ஆகும். தலைகீழாக வந்திருந்தால் மாஸ்க்கில் `Ctrl+I`, அவ்வளவுதான்.

இன்னொன்று நிறையப் பேரைக் குழப்புகிறது. ஒரு கிரேடியன்ட் போட்டாயிற்று, இன்னொரு பக்கத்துக்கு இரண்டாவது இழுத்தால் முதலாவது காணாமல் போகிறது. கோளாறு இல்லை. வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகும் கிரேடியன்ட் மாஸ்க் முழுவதையும் மூடி எழுதுகிறது. இரண்டாவதை இழுக்கும் முன் மேல்பட்டையில் `Mode` என்பதை `Multiply` ஆக்குங்கள். அப்போது ஏற்கெனவே கறுத்த இடம் கறுப்பாகவே இருக்கும், புதியது அதன்மேல் சேரும். முடிந்ததும் மறக்காமல் `Normal` நிலைக்குத் திருப்புங்கள்.

அடிவானத்தை ஒட்டி வெளிறிய பட்டை

இதுதான் எல்லாரும் முதலில் சந்திப்பது. வானம் மேலே நன்றாக இருக்கிறது, கடல் கீழே நன்றாக இருக்கிறது, இரண்டும் சேரும் இடத்தில் பனிமூட்டம் படிந்த மாதிரி நிறமில்லாத ஒரு பட்டை ஓடுகிறது. அதைப் பார்த்ததும் கிரேடியன்ட் போதுமான அளவு மென்மையாக இல்லை என்று நினைத்து இன்னும் அகலமாக இழுப்பார்கள். பட்டை இன்னும் அகலமாகும்.

ஏன் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்குப் போதும். மாஸ்க் செய்வது இதைத்தான், `m` என்பது மாஸ்க்கின் வெண்மை, 0 முதல் 1 வரை:

```
result = m * sky + (1 - m) * sea
```

அடிவானத்துக்குச் சற்று மேலே ஓரிடத்தை எடுங்கள். வானப் படத்தில் அதன் மதிப்பு 180 என்று வைத்துக்கொள்வோம். கடல் படத்தில் அதே இடம் வெந்துபோய் 255. மாஸ்க் அங்கே 0.5 என்றால் விளைவு 217. வெளிச்சம் கூடியது மட்டும் பிரச்சினை அல்ல. அந்த 255இல் நிறமே இல்லை, வெறும் வெள்ளை. ஆரஞ்சு நிறத்தில் பாதிக்குப் பாதி வெள்ளையைக் கலந்துவிட்டோம். இன்னும் மேலே, வானம் கருநீலமாக 90 இருக்கும் இடத்தில், மாஸ்க் 0.8 இருந்தாலே விளைவு 123 ஆகிறது. அதாவது வானம் எவ்வளவு இருட்டோ, அவ்வளவு மோசமாக வெளிறும். மாஸ்க்கில் கண்ணுக்குத் தெரியாத சாம்பல் கூட வானத்தில் தெரியும்.

ஆகவே மாற்றம் நடக்கவேண்டிய இடம் வானம் அல்ல, கடல். பலர் அடிவானத்தை நடுவில் வைத்து, மேலே பாதி கீழே பாதி என்று இழுக்கிறார்கள். அப்படி இல்லாமல் சரியாக அடிவானக் கோட்டில் தொடங்கி, `Shift` அழுத்தியபடி நேராகக் கீழே இழுங்கள். தொடங்கிய புள்ளிக்கு மேலே முழுவதும் வெள்ளையாக இருக்கும், வானத்துக்குள் ஒரு துளி கூடக் கசியாது. நம் 4000 பிக்சல் உயரத்தில் 300 முதல் 400 பிக்சல் வரை இழுத்தால் போதும். அடிவானம் சாய்ந்திருந்தால் முதலில் படத்தை நிமிர்த்துங்கள். சாய்ந்த கோட்டுக்கு நேரான கிரேடியன்ட் போட்டால் ஒரு பக்கம் மட்டும் வெளிறும்.

கடலின் மேற்பகுதி இருண்டுவிடாதா என்று கேட்கலாம். கொஞ்சம் இருளும், ஆனால் அங்கேதான் கடல் இயல்பிலேயே வெளிச்சமாக இருக்கிறது. தொலைவில் உள்ள நீரை மிகச் சாய்வான கோணத்தில் பார்க்கிறோம், அது வானத்தை ஏறக்குறைய கண்ணாடி போலத் திருப்பி அனுப்புகிறது. அதனால் வானப் படத்திலும் அந்தப் பகுதியில் விவரம் இருக்கும். இதே முறையை மலையடிவாரத்திலோ வயல்வெளியிலோ செய்தால் நிலத்தின் மேல்விளிம்பு அழுக்காக இருண்டு போகும். அங்கே மாற்றத்தை இன்னும் குறுக்க வேண்டும், 80 முதல் 100 பிக்சலுக்குள்.

கடலில் ஒரு விதிவிலக்கு: சூரியனுக்கு நேர் கீழே நீரில் விழும் ஒளிப்பாதை. கடல் படத்தில் அது வெந்திருக்கும். மாஸ்க்கில் பெரிய மென்மையான தூரிகை, வெள்ளை நிறம், `Flow` 10 அளவில் வைத்து அந்தப் பாதையின் மேல் மெதுவாகத் தடவினால் பொன்னிறம் திரும்ப வரும்.

சிலையின் மேல்பாதி கறுத்துவிட்டது

அடிவானத்துக்கு மேலே எல்லாம் வானம் என்று கிரேடியன்ட் நம்புகிறது. சிலையும் அங்கேதான் நிற்கிறது, எனவே பீடத்தின் அடிப்பகுதியில் கல்லின் விவரம் தெரிய, அதற்கு மேல் சிலை முழுவதும் வெறும் நிழலாகிவிடுகிறது. பனைமரம், கோபுரம், விளக்குக் கம்பம், கரையில் நிற்கும் ஆள் என்று அடிவானத்தைத் தாண்டும் எதற்கும் இதே கதிதான். சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் திறந்ததிலிருந்து இந்தக் காட்சியில் அதன் வளைவும் அந்த வளைவிலிருந்து தொங்கும் மெல்லிய கம்பிகளும் வேறு சேர்ந்துகொண்டன. தூரிகையால் கம்பி கம்பியாகக் கறுப்படிப்பது நடக்கிற காரியமில்லை.

சிலைக்கு மட்டும் மாஸ்க்கில் ஒரு ஓட்டை வேண்டும், அதன் ஓரம் சிலையின் ஓரத்தோடு பிசிறில்லாமல் பொருந்த வேண்டும். அந்த ஓரம் ஏற்கெனவே வானப் படத்துக்குள் இருக்கிறது: வெளிச்சமான வானத்துக்கு எதிரே கறுத்த சிலை. அதை எடுத்து மாஸ்க்கில் போட்டால் போதும்.

எந்தச் சேனலிலிருந்து எடுப்பது என்பதில்தான் சூட்சுமம். பகல் படங்களுக்கு நீலச் சேனலை எடு என்று பொதுவாகச் சொல்வார்கள். நீல வானம் அதில் வெளிச்சமாக இருக்கும் என்பதால் அது சரி. உதய வேளையில் சிலைக்குப் பின்னால் இருப்பது ஆரஞ்சு. நீலச் சேனலில் ஆரஞ்சு இருட்டாகிவிடும், சிலையும் இருட்டு, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இங்கே சிவப்புச் சேனல்தான் வேண்டும். சந்தேகம் இருந்தால் `Channels` பலகையில் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து, சிலையும் வானமும் எதில் அதிகம் விலகி நிற்கின்றன என்று பாருங்கள். கடல் படத்திலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். அதில் வெந்த வானத்தின் ஒளி சிலையின் ஓரத்தைத் தின்றிருக்கும், சிலை மெலிந்து தெரியும்.

இனி செய்முறை. லாசோ கருவியால் சிலையையும் பாலத்தையும் சுற்றி, வானத்தில் தாராளமாக இடம் விட்டு ஒரு வட்டம் போடுங்கள். கீழ் எல்லை மட்டும் அடிவானக் கோட்டோடு நிற்கட்டும். மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து `Image > Apply Image` திறங்கள். `Layer` என்ற இடத்தில் வான லேயர், `Channel` இல் `Red`, `Blending` இல் `Multiply`. அந்த வட்டத்துக்குள் மாஸ்க் முழு வெள்ளையாக இருந்தது, எனவே பெருக்கியதும் சிவப்புச் சேனல் அப்படியே அங்கே வந்து உட்காரும். தேர்வை விடாமல் `Ctrl+L` அழுத்தி லெவல்ஸ் திறங்கள். வலப்பக்க முள்ளை இடப்பக்கம் நகர்த்தி வானத்தை வெள்ளையாக்குங்கள், இடப்பக்க முள்ளை வலப்பக்கம் நகர்த்திச் சிலையைக் கறுப்பாக்குங்கள். வட்டத்தின் ஓரம் முழுவதும் சுத்தமான வெள்ளை ஆகும் வரை நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் லாசோ போட்ட கோடு வானத்தில் தெரியும்.

லாசோ எதற்கு, முழு மாஸ்க்குக்கும் போட்டால் என்ன? மேலே உள்ள நீல வானம் சிவப்புச் சேனலில் இருட்டு. கருமேகங்களும் இருட்டு. அவையெல்லாம் மாஸ்க்கில் கறுத்து, அந்த ஓட்டைகள் வழியே கடல் படத்தின் வெந்த வானம் எட்டிப் பார்க்கும். சிலைக்குப் பின்னாலேயே கருமேகம் நின்றால் இந்த முறை பாதியில் நின்றுவிடும். மேகம் வரும் இடத்தை மட்டும் பென் கருவியால் கையாலேயே பிரிக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, சிலை நிற்கும் பாறையின் அடிப்பகுதி அடிவானத்துக்குக் கீழே, கிரேடியன்ட் மாறும் பகுதியில் சிக்கியிருக்கும். அங்கே ஒரு இருண்ட வளையம் தெரிந்தால் மென்மையான கறுப்புத் தூரிகையால் இரண்டு தடவல் போதும்.

சிலையைச் சுற்றி வெள்ளை விளிம்பு

மேலே சொன்னதைச் செய்த பிறகுதான் இது வரும். கடல் படத்தில் வானத்தின் ஒளி சிலையின் ஓரத்தில் வழிந்திருக்கிறது, மாஸ்க் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்த வழிசல் ஓட்டைக்குள் கொஞ்சம் தெரியும்.

பெரும்பாலும் காரணம் பேராசை. எதிரொளியில் நிற்கும் சிலையின் முகத்தில் மடிப்பு மடிப்பாக விவரம் காட்டவேண்டும் என்று மாஸ்க்கை முழுக் கறுப்பாக்கியிருப்போம். சூரியனுக்கு முன்னால் நிற்கும் கல் இருட்டாகத்தான் இருக்கும், பார்ப்பவர் கண்ணும் அதையே எதிர்பார்க்கிறது. லெவல்ஸ் பெட்டியின் அடியில் `Output Levels` இருக்கிறதே, அதன் கறுப்பு முள்ளை 0 இலிருந்து 80 அளவுக்கு நகர்த்துங்கள். சிலைக்குள் வானப் படத்தின் நிழலும் கொஞ்சம் கலக்கும், கல்லின் உருவம் தெரியும், விளிம்பின் வெண்மை பெருமளவு அடங்கும்.

அதற்குப் பிறகும் மிச்சம் இருந்தால் மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, அந்த லேயரின் கலப்பு முறையை `Darken` ஆக்கி, குளோன் ஸ்டாம்ப் கருவியின் `Sample` இல் `All Layers` வைத்து, பக்கத்து வானத்திலிருந்து மாதிரி எடுத்து விளிம்பின் மேல் ஓட்டுங்கள். `Darken` இருப்பதால் வானத்தைவிட வெளிச்சமான விளிம்பு மட்டும்தான் மாறும், அதைவிட இருட்டான சிலை தொடப்படாது. மாஸ்க்குக்கு ஃபெதர் கொடுத்து விளிம்பை மறைக்கப் பார்க்காதீர்கள். கூரான வெள்ளைக் கோடு அகலமான வெள்ளைப் புகையாகும், அதுதான் நடக்கும்.

அலைகள் இரட்டையாகத் தெரிகின்றன, படகுக்கு ஆவி வந்துவிட்டது

முதலில் அசைந்தது ட்ரைபாடா, உலகமா என்று பிரித்துப் பாருங்கள். மேல் லேயரின் மாஸ்க்கை அணைத்து, கலப்பு முறையை `Difference` ஆக்கி, பீடத்தின் ஓரத்தை 100% பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு படத்துக்கும் 4 ஸ்டாப் வித்தியாசம் இருப்பதால் முழுக் கறுப்பு வராது, அதற்குக் கவலைப்பட வேண்டாம். கல்லின் ஓரத்தில் இரட்டைக் கோடு ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. ஓடினால் ட்ரைபாட் அசைந்திருக்கிறது. கடற்கரை மணலில் இது சகஜம், ஒவ்வொரு அலை திரும்பும்போதும் காலடி மணலை அரித்துக்கொண்டு போகிறது. இரண்டு லேயரையும் தேர்ந்தெடுத்து `Edit > Auto-Align Layers` கொடுங்கள். இதை மாஸ்க் போடுவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது, போட்ட பிறகு செய்தால் சிலைக்காகப் பட்ட பாடெல்லாம் இடம் மாறிப்போகும் வாய்ப்பு உண்டு.

கல் சரியாக இருந்து அலை மட்டும் இரட்டை என்றால் அது 1/125 வினாடியில் உறைந்த அலையும் 1/8 வினாடியில் இழுபட்ட அலையும் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதுதான். இதை எந்தச் சீரமைப்பும் சேர்த்து வைக்காது. கிரேடியன்ட் எங்கே முடிகிறது என்று பாருங்கள். தொலைவில் அலைகள் சில பிக்சல் உயரம்தான், அங்கே கலந்தால் யாருக்கும் தெரியாது. உடைந்து நுரைக்கும் முதல் அலைவரிசைக்கு முன்பே மாஸ்க் முழுக் கறுப்பாகிவிட வேண்டும்.

படகுகள் வேறு. விடியலில் மீன்பிடிக்கப் போன வள்ளங்கள் அடிவானத்தை ஒட்டியே இருக்கும், சரியாக மாற்றம் நடக்கும் இடத்தில். இரண்டு படத்துக்கும் நடுவில் அது நகர்ந்திருந்தால் ஒன்று அரைத்தெளிவாக இரண்டு தெரியும். வானப் படத்தின் படகை வைத்துக்கொள்வதே எளிது, அது கூர்மையாக இருக்கும். இரண்டு படகும் இருந்த இடத்தை ஒரே தடவலில் மாஸ்க்கில் வெள்ளையாக்கிவிடுங்கள், கடல் படத்தின் படகு மறையும்.

அசைவு மிக அதிகமான நாளில் இரண்டாவது படத்தையே மறந்துவிடலாம். ஐஎஸ்ஓ 100இல் எடுத்த வானப் படத்தின் ரா கோப்பை ஒரு முறை வானத்துக்காகவும், ஒரு முறை நிழலை 3 ஸ்டாப் தூக்கிக் கடலுக்காகவும் திறந்து, அந்த இரண்டையும் சேருங்கள். எல்லாம் ஒரே கணத்தில் எடுத்தது என்பதால் இரட்டைப்படவே முடியாது. பாறை இடுக்குகளில் நாய்ஸ் கூடும், அது இதற்குக் கொடுக்கும் விலை. பழைய சிறிய சென்சார்களில் அந்த விலை கட்டுப்படியாகாது.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் படம் பொய்யாகத் தெரிகிறது

கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். வானத்தைவிடக் கடல் வெளிச்சமாக இருக்கிறதா? அதுதான் காரணம். நீர் தனக்கு வந்த ஒளியைவிடக் கூடுதலாகத் திருப்பித் தர முடியாது. காலடிக்கு நெருங்க நெருங்க நீரைச் செங்குத்தாகப் பார்க்கிறோம், அப்போது அது இன்னும் குறைவாகவே பிரதிபலிக்கும். எனவே அடிவானத்திலிருந்து நம்மை நோக்கி வரும்போது நீர் இருண்டுகொண்டே வர வேண்டும். நுரையும் ஒளிப்பாதையும் மட்டும் இதற்கு விலக்கு.

மாஸ்க்கின் `Density` ஐக் குறைத்தால் கடல் இருளும் என்று தோன்றும். உண்மைதான், 100% இலிருந்து 80% ஆக்கினால் கறுப்பு எல்லாம் அடர்சாம்பல் ஆகி, வானப் படம் கடல் முழுவதும் கொஞ்சம் கலக்கும். ஆனால் அதோடு உறைந்த அலைகளும் வந்து கலக்கும், போன கோளாறு வாசலில் நிற்கும். ரா நிலைக்கே திரும்பி, கடல் படத்தை 1 ஸ்டாப் அல்லது 1.5 ஸ்டாப் குறைத்து, வானத்தை அரை ஸ்டாப் ஏற்றிவிட்டு வாருங்கள். 4 ஸ்டாப் வித்தியாசம் முழுவதையும் அழிப்பது நம் வேலை இல்லை, அதில் ஒன்றரை இரண்டு ஸ்டாப் மிச்சம் இருந்தால்தான் உதயம் உதயமாக இருக்கும்.

வானத்தில் படிப்படியாகப் பட்டைகள்

படத்தை 100% அளவில் வைத்துப் பாருங்கள். சுருக்கிப் பார்க்கும்போது மட்டும் தெரிந்தால் அது திரையின் வேலை. அனுப்பிய பிறகு வாட்ஸ்அப்பில் மட்டும் தெரிந்தால் சுருக்கத்தின் வேலை. 100% அளவிலும் தெரிந்தால் `Image > Mode` திறந்து `8 Bits/Channel` என்று இருக்கிறதா பாருங்கள். 8 பிட்டில் 256 படிகள்தான். மாஸ்க் மட்டும் இருந்தபோது ஒரு படிக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் கண்ணுக்கு எட்டாது. அதற்குப் பிறகு கர்வ்ஸ் போட்டு வானத்தின் கான்ட்ராஸ்டை இழுக்கும்போது ஒரு படி மூன்று படியாகத் தாண்டும், பட்டை அங்கே பிறக்கிறது. இந்த நிலையில் 16 பிட்டுக்கு மாற்றினால் போனது திரும்பாது. ரா கோப்பை 16 பிட்டில் திறந்து தொடங்குங்கள், கிரேடியன்ட் கருவியின் மேல்பட்டையில் `Dither` குறியிட்டிருக்கட்டும்.

முதலிலிருந்து செய்ய நேரமில்லை என்றால், எல்லா லேயர்களையும் சேர்த்த ஒரு நகலில் வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து `Filter > Noise > Add Noise` திறந்து `Gaussian`, `Monochromatic`, அளவு 1% வையுங்கள். பட்டையின் ஓரம் உடைந்து கண்ணிலிருந்து மறையும். 2% தாண்டினால் அச்சில் மணல் தூவின மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.